4.2 கிலோ கொலு பொம்மைப் பெட்டிக்கு 13 கிலோ பில் போடுகிறார்கள். எந்தக் கூரியர் கட்டுப்படியாகும்?

பொம்மைக்கடை, பண்ருட்டி
திங்கள், காலை 10:12

வணக்கம். நாங்கள் காகிதக்கூழில் கொலு பொம்மை செய்கிறோம். இதுவரை வியாபாரிகளே வந்து லாரியில் மொத்தமாக எடுத்துப் போவார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் போனிலேயே நேரடியாகக் கேட்கிறார்கள். மும்பைக்கு ஒரு தசாவதார செட் அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டி 45 × 35 × 40 செ.மீ. தராசில் வைத்தால் 4.2 கிலோ. சரக்கின் விலை ₹6,500.

மூன்று இடத்தில் விசாரித்தேன்.

முதலாவது, விமானத்தில் போகும் கூரியர். முதல் அரை கிலோ ₹70, அடுத்த ஒவ்வொரு அரை கிலோவுக்கும் ₹48. நாலரை கிலோ என்று வைத்து ₹454 ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். கவுன்டரில் டேப் வைத்து அளந்துவிட்டு 13 கிலோ, ₹1,270 என்கிறார். அதற்கு மேல் எரிபொருள் 20%.

இரண்டாவது, தரைவழி கூரியர். கிலோ ₹52, குறைந்தது 5 கிலோ, எரிபொருள் 15%. இவர்கள் 4000-ஆல் வகுப்பார்களாம்.

மூன்றாவது, லாரி பார்சல் ஆபீஸ். கிலோ ₹22, குறைந்தது 20 கிலோ, டாக்கெட் ₹100. வீட்டிலேயே கொடுக்க வேண்டுமானால் இன்னும் ₹200. "கன அடிக்கு 8 கிலோ" என்று ஒன்று சொன்னார், அது பிடிபடவில்லை.

இது போதாதென்று முதல் கம்பெனியில் இன்சூரன்ஸ் 2% போடச் சொல்கிறார்கள். போடுவதா வேண்டாமா? ஜிஎஸ்டியை விட்டுவிட்டுச் சொன்னாலும் போதும்.

ரவி_கோவை
திங்கள், காலை 10:40

ரொம்ப சிம்பிள் சார். நீளம் × அகலம் × உயரம், அதை 5000-ஆல் வகுத்தால் 12.6 வரும். 4000-ஆல் வகுத்தால் 15.75. வகுக்கும் எண் சின்னதாக இருந்தால் எடை ஏறும். ஆகவே 5000 போடுபவர்தான் லாபம், கண்ணை மூடிக்கொண்டு முதல் கம்பெனியில் போடுங்கள்.

மீனா, நாச்சியார்கோவில்
திங்கள், காலை 11:25

எனக்கு இந்த டேப் கதையே புரியவில்லை. நான் பித்தளைக் குத்துவிளக்கு அனுப்புகிறேன், என் பெட்டியை யாருமே அளந்ததில்லை. தராசில் என்ன காட்டுகிறதோ அதற்குத்தான் பில். உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன் தம்பி. வேறு கிளையில் கேட்டுப் பாருங்கள்.

பழைய_ஹப்
திங்கள், மதியம் 1:05

மீனா அக்கா, உங்கள் விளக்குப் பெட்டி என்ன அளவு, என்ன எடை?

மீனா, நாச்சியார்கோவில்
திங்கள், மதியம் 1:30

60க்கு 20க்கு 20. ஒன்பது கிலோ வரும்.

பழைய_ஹப்
திங்கள், மதியம் 2:10

அதை 5000-ஆல் வகுத்தால் 4.8 கிலோதான். தராசு எடையையும் அளவு எடையையும் வைத்துப் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்களுக்கு எப்போதும் தராசே ஜெயிக்கும், அதனால் அளந்தாலும் அளக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. பண்ருட்டிக்காரருக்கு அப்படியே தலைகீழ். யாரும் அவரை ஏமாற்றவில்லை.

ரவி சார் சொன்ன வகுத்தல் சரி, முடிவு சரியில்லை. வகுக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கிலோ ரேட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் ஹப்பில் வேலை பார்த்தபோது லேசான சரக்கு வைத்திருக்கும் பார்ட்டிகளுக்கு ஒரே ஒரு வழி சொல்லுவேன்: கிலோவை மறந்துவிட்டு லிட்டர் கணக்குப் போடுங்கள். நீங்கள் வாங்குவது வண்டியில் இடம், அவ்வளவுதான்.

ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். உங்கள் பெட்டி 63 லிட்டர்.

முதல் கம்பெனியில் 5 லிட்டர் இடம் ஒரு கிலோவாகக் கணக்காகிறது. கிலோவுக்கு ₹96. அப்படியானால் லிட்டர் ₹19.20. எரிபொருளையும் சேர்த்தால் ₹23-ஐத் தாண்டுகிறது.

இரண்டாவதில் 4 லிட்டர் ஒரு கிலோ, ₹52. லிட்டர் ₹13. எரிபொருளோடு ₹15-க்குள்.

லாரி ஆபீஸில் கன அடிக் கணக்கு. அவர்கள் அடியை 30 செ.மீ. என்று வைத்து 27,000-ஆல் வகுப்பார்கள். உண்மையில் ஒரு கன அடி 28,317, அதிலேயே உங்களுக்குச் சுமார் 5% கூடுதல் விழுகிறது, சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் பெட்டி 2.33 கன அடி, எட்டால் பெருக்கினால் 18.7 கிலோ. மூன்று பேரில் எடை அதிகமாக வருவது இங்கேதான். ஆனால் லிட்டருக்கு ₹6.50 மட்டுமே.

எரிபொருளோடு மொத்தம்: விமானம் ₹1,524. தரைவழி 16 கிலோ, ₹957. லாரி 20 கிலோவுக்கு ₹440, டாக்கெட், வீட்டு டெலிவரி சேர்த்து ₹740. வகுக்கும் எண் பெரிதாக இருக்கும் கம்பெனிதான் இங்கே விலை அதிகம்.

உங்கள் சரக்கு எந்தப் பக்கம் விழும் என்று பெட்டி கட்டும் முன்பே தெரிந்துகொள்ளலாம். தராசு எடையை லிட்டரால் வகுங்கள். 5000 போடும் இடத்தில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் இருந்தால் தராசு ஜெயிக்கும், 4000 என்றால் 250 கிராமுக்கு மேல். உங்கள் பொம்மை லிட்டருக்கு 67 கிராம். காற்றைத்தான் அனுப்புகிறீர்கள்.

ரவி_கோவை
திங்கள், மதியம் 2:34

சரி, லிட்டர் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் லாரியில் போட்டால் எப்போது போய்ச் சேரும்? கொலு வைக்கும் நாளைக்குள் வர வேண்டாமா?

பழைய_ஹப்
திங்கள், மதியம் 2:50

அது நியாயமான கேள்வி. மொத்த லோடு சேரும்வரை லாரி ஆபீஸில் சரக்கு தங்கும். நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் லாரியைச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் இருந்தால் சொல்வேன். அப்புறம் இன்னொன்று, லாரியில் இறக்கி ஏற்றுவது கையால்தான். மேலே என்ன வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பொம்மைக்கடை, பண்ருட்டி
திங்கள், மாலை 4:15

இப்போதுதான் விஷயம் புரிகிறது, நன்றி. ஆனால் பெட்டி ஏன் இவ்வளவு பெரிது என்றால், பொம்மைகளை நெருக்கி அடுக்கினால் 35 × 25 × 30-க்குள் அடங்கிவிடும். சுற்றிலும் 5 செ.மீ. வைக்கோலும் காகிதச் சுருளும் வைக்கிறோம். காகிதக்கூழ் பொம்மை மண் பொம்மை மாதிரி நொறுங்காது. கை விரல், சங்கு, சக்கரம் மாதிரி துருத்தி நிற்பவைதான் போகும். முனையில் பெயின்ட் உரியும்.

பழைய_ஹப்
திங்கள், மாலை 5:20

அந்த அளவைச் சொன்னது நல்லது. பொம்மைக் கட்டு மட்டும் 26.25 லிட்டர், அதாவது 5000 கணக்கில் 5.25 கிலோ. சுற்றிலும் 5 செ.மீ. சேர்த்ததும் 12.6 ஆகிவிட்டது. நீங்கள் கட்டும் கூலியில் பாதிக்கு மேல் வைக்கோலுக்குப் போகிறது.

5-ஐ 3 ஆக்கிப் பாருங்கள். பெட்டி 41 × 31 × 36, கிட்டத்தட்ட 46 லிட்டர். தரைவழியில் 11.44, அதை 12 கிலோ என்று எடுத்து, எரிபொருளோடு ₹718. லாரிக்கு ₹740 மாறவே மாறாது, 20 கிலோ குறைந்தபட்சம் இருக்கிறதே. ஆகவே பெட்டி 48 லிட்டருக்குள் நின்றால் தரைவழி கூரியரே மலிவு, வேகமும் கூட. அதைத் தாண்டினால் லாரி.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அட்டைப்பெட்டிக் கடைக்காரர் சொல்லும் அளவு உள் அளவு. கூரியர் அளப்பது வெளி அளவு. ஐந்து அடுக்கு அட்டை என்றால் ஒவ்வொரு பக்கமும் சேர்ந்து ஒரு செ.மீ. வரை கூடும். அடுத்து, உப்பல். பெட்டியைத் திணித்து மூடினால் நடுவில் வயிறு தள்ளும். பெரிய ஹப்பில் பெட்டி பெல்ட்டில் போகும்போது மெஷின் அளக்கும், அது தள்ளிய வயிற்றின் உச்சியைத்தான் எடுக்கும். 41 × 31 × 36 பெட்டி 43 × 33 × 37 என்று மெஷினில் விழுந்தால் 13.13, பில் 14 கிலோவுக்கு. ₹837. மிச்சம் பிடித்தது போய், லாரியைவிட அதிகமாகிவிட்டது.

மூடி டேப் ஒட்டிய பிறகு மூன்று பக்கமும் அளக்கும் டேப் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். லேபிளும் படத்தில் தெரிய வேண்டும். பின்னால் அளவு தகராறு வந்தால் அதுதான் பேசும்.

கீழவாசல்_கதிர்
திங்கள், இரவு 8:02

மூட்டையாகக் கட்டிப் போட்டால் அளக்கவே முடியாதே, அந்த வழி?

பழைய_ஹப்
திங்கள், இரவு 8:09

மெஷினுக்கு மூட்டையும் பெட்டியும் ஒன்றுதான். துருத்தும் மூலைகளை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளும். துணிக்குச் சரி, பொம்மைக்குச் சொல்லாதீர்கள்.

கீழவாசல்_கதிர்
திங்கள், இரவு 8:31

இன்னொரு வழி சொல்கிறேன். பண்ருட்டியிலிருந்து மும்பை என்றால் "இதர இந்தியா" ரேட். சென்னையிலிருந்து மும்பை என்றால் மெட்ரோவுக்கு மெட்ரோ. நான் சென்னையில் புக் செய்யும் கம்பெனியில் முதல் அரை கிலோ ₹60, அடுத்தது ₹40. தூரம் கூடக் குறைவுதானே. பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பி அங்கிருந்து போடச் சொல்லுங்கள்.

பழைய_ஹப்
திங்கள், இரவு 9:15

தூரத்தால் இல்லை கதிர். தனியார் கூரியரில் மண்டலம் என்பது கிலோமீட்டர் இல்லை. ஊருக்குள், மாநிலத்துக்குள், மெட்ரோவுக்கு மெட்ரோ, மற்றவை, அப்புறம் வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் மாதிரி தனி வகை. பண்ருட்டியிலிருந்து ஓசூருக்கு ஒரு ரேட், அங்கிருந்து எல்லை தாண்டி இருக்கும் பெங்களூருக்கு வேறு ரேட். புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. சில கம்பெனி அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும், சில சேர்க்காது. கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பது தபால்துறை. 2025 அக்டோபரில் மாற்றிய ஸ்பீட் போஸ்ட் பட்டியலில் 200, 500, 1000, 2000 கி.மீ. என்று படி வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி உங்கள் யோசனையில் விஷயம் இருக்கிறது. மண்டல வித்தியாசம் அரை கிலோவுக்கு ₹8 என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். 13 கிலோ என்றால் 26 படி, ₹210 வித்தியாசம். எரிபொருளோடு ₹252. அளவு எடை ஏற ஏற மண்டலமும் கூடவே கடிக்கும். ஆனால் ஒரு பெட்டிக்காக சென்னையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் போய் எடுத்துவந்து புக் செய்ய வேண்டும், அந்தச் செலவில் ₹252 கரைந்துவிடும். பத்துப் பெட்டி ஒன்றாகப் போனால் யோசிக்கலாம். இன்னொரு கைமாற்றம் என்றால் இன்னொரு இடி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிக்காரரே, வாடிக்கையாளர் "மும்பை" என்றுதான் சொல்வார். பின்கோடு கேட்டீர்களா? 400 என்று ஆரம்பிக்கிறதா, 421 என்றா? கல்யாண், டோம்பிவிலியில் நம்மவர்கள் நிறைய. அது எந்த மண்டலம் என்று கம்பெனியில் பின்கோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஈரோட்டு ஜவுளி
செவ்வாய், காலை 9:48

இன்சூரன்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் போடுவதில்லை. கணக்கு எளிது. 6,500-க்கு 2% என்றால் ₹130. நூறு பெட்டிக்கு ₹13,000. அது இரண்டு பெட்டியின் விலை. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தொலைந்தால்தான் இன்சூரன்ஸ் லாபம். எனக்கு அவ்வளவு தொலைவதில்லை. அந்த 2%-ஐ நானே தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன், தொலைந்தால் அதிலிருந்து வாடிக்கையாளருக்கு மறு சரக்கு.

மீனா, நாச்சியார்கோவில்
செவ்வாய், காலை 10:20

உங்கள் சேலை உடையாது அண்ணா. போன வருடம் என் விளக்கில் அன்னத்தின் கழுத்து வளைந்து போய்ச் சேர்ந்தது. இன்சூரன்ஸ் கட்டியிருந்தேன். "பேக்கிங் போதவில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

ஈரோட்டு ஜவுளி
செவ்வாய், காலை 10:33

அப்படியானால் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். கட்டியும் கிடைக்கவில்லை என்றால் ஏன் கட்ட வேண்டும்?

கோர்ட்டு வாசல்
செவ்வாய், காலை 11:50

இரண்டு பேரும் பாலிசியின் பெயரை மட்டும் பார்க்கிறீர்கள். கவுன்டரில் "இன்சூரன்ஸ்" என்று சொல்வது பல இடங்களில் இன்சூரன்ஸே இல்லை, கம்பெனி தானே ஏற்கும் ரிஸ்க் சார்ஜ். ரசீதில் நஷ்டம் உங்கள் பொறுப்பு என்னும் ஓனர்ஸ் ரிஸ்க்கில் டிக் அடித்திருக்கிறதா, கம்பெனி பொறுப்பு என்னும் கேரியர்ஸ் ரிஸ்க்கிலா என்று பாருங்கள். அப்புறம் எதற்குப் பணம் தருவார்கள்: தொலைந்தால் மட்டுமா, உடைந்தாலுமா? கண்ணாடி, மண், கைவினைப் பொருள் என்றால் உடைசலை விலக்கி வைப்பது வழக்கம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றும் கட்டாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கூரியர் ரசீதில் கையெழுத்துப் போட்டால் அதிலுள்ள வரம்புதான் வரம்பு என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணக் கவர் போய்ச் சேரவில்லை. அவர்கள் கேட்ட நஷ்டம் பெரிய தொகை, கிடைத்தது ரசீதில் அச்சடித்திருந்த 100 டாலர்.

லாரிக்கு வேறு சட்டம். 2007-ஆம் வருட சாலைவழி சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும். அதிக மதிப்பை அறிவித்து அதற்கான ரேட் கட்டாவிட்டால், கட்டிய கூலியைப் போலப் பத்து மடங்குதான் பொறுப்பு, அதுவும் நீங்கள் எழுதிய மதிப்பைத் தாண்டாது. பண்ருட்டிக்காரர் கூலி ₹440 என்றால் ₹4,400. பொருள் ₹6,500. வழக்குப் போடுவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

பில்லில் மதிப்பை ₹500 என்று எழுதிப் பணம் மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தொலைந்தால் ₹500-தான்.

ரவி_கோவை
செவ்வாய், மதியம் 12:15

அந்தப் பத்து மடங்கு தரைவழி கூரியருக்கும் பொருந்துமா? அவர்களும் லாரியில்தானே கொண்டு போகிறார்கள்?

கோர்ட்டு வாசல்
செவ்வாய், மதியம் 12:42

என் கருத்து, பொருந்தும். சட்டத்தில் சரக்கைச் சேகரித்து, வைத்து, அனுப்பி, பட்டுவாடா செய்பவரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் கம்பெனி வக்கீல் ரசீது வரம்பையும் 1996 தீர்ப்பையும்தான் நீட்டுவார்.

பழைய_ஹப்
செவ்வாய், மதியம் 12:58

பொருந்தாது என்றே நாங்கள் பார்ட்டிகளிடம் சொல்லி வந்தோம். எது சரியோ. எப்படி ஆனாலும் ₹6,500-க்காக யாரும் கோர்ட் படி ஏறப் போவதில்லை. வாங்குபவர் கையெழுத்துப் போடும் முன்பே பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதில் "சேதம்" என்று எழுத வேண்டும். திறக்கும்போது லேபிளிலிருந்து தொடங்கி இடையில் நிறுத்தாமல் வீடியோ. புகார் கொடுக்கும் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில இடத்தில் இரண்டே நாள்.

மீனா அக்கா சொன்ன "பேக்கிங் போதவில்லை" தான் இங்கே நிஜமான சிக்கல். நான் 5 செ.மீ.-ஐ 3 ஆக்கச் சொன்னேன். கூலி குறையும். அதே 3 செ.மீ.-ஐக் காட்டி நாளைக்குக் க்ளைம் தள்ளுபடி ஆகலாம். பெட்டியைச் சுருக்கி, மிச்சத்தில் இன்சூரன்ஸும் கட்டி, அந்த இன்சூரன்ஸ் அதே காரணத்தால் செல்லாமல் போனால் அது கையைச் சுட்டதுதான்.

பொம்மைக்கடை, பண்ருட்டி
புதன், மாலை 6:30

இன்று இரண்டு இடத்திலும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். முதல் கம்பெனியில் ரிஸ்க் சார்ஜ் கட்டினாலும் கைவினைப் பொருள் உடைசலுக்குக் கிடையாது, பெட்டியே காணாமல் போனால் மட்டும்தான் என்று சொன்னார்கள். எழுதித் தரச் சொன்னேன், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்கள். தரைவழிக்காரர் 3%, அதாவது ₹195, உடைசலும் உண்டு என்கிறார். ஆனால் பேக்கிங்கை அவர்கள் ஆள் பார்த்து சரி என்று சொன்னால்தான்.

எங்கள் வீட்டில் ஒரு யோசனை வந்தது. சங்கு, சக்கரம், மச்சத்தின் வால் இவற்றைக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டால் பொம்மைக் கட்டே 32 × 25 × 28-க்குள் வந்துவிடும். அப்போது சுற்றிலும் 4 செ.மீ. விட்டாலும் 40 × 33 × 36, 47.5 லிட்டர். அட்டையின் கனத்துக்கும் கொஞ்சம் போகும்.

பழைய_ஹப்
புதன், இரவு 7:12

அது நான் சொன்னதைவிட நல்ல வழி. 11.88, பில் 12 கிலோ. ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள், மூன்று பக்கமும் அரை செ.மீ. உப்பினாலே 13 கிலோ. 40 என்பது அட்டையோடு சேர்த்து வெளி அளவாக இருக்கும்படி பெட்டி வெட்டச் சொல்லுங்கள். பேக்கிங் பார்க்கும் ஆள் சரி என்று சொன்னதையும் வாட்ஸ்ஆப்பில் வாங்கி வையுங்கள்.

பின்கோடு?

பொம்மைக்கடை, பண்ருட்டி
புதன், இரவு 7:40

421201. நீங்கள் சொன்ன டோம்பிவிலியேதான். தரைவழிக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார், அதே ₹52 தான், தூரக் கிராமக் கட்டணம் எதுவும் இல்லை. கதிர் சார் வழியில் போவதற்கு முன் சென்னைக் கம்பெனி 421-ஐ மெட்ரோவாக எடுக்குமா என்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் கவுகாத்திக்கு ஒரு செட் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தரைவழிக்காரர் கிலோ ₹88 சொல்கிறார்.

கீழவாசல்_கதிர்
புதன், இரவு 8:05

சென்னையில் கேட்டேன். 421 மெட்ரோ இல்லையாம், "இதர இந்தியா" தான். மும்பைக்கு என் வழி அடிபட்டுப் போயிற்று. கவுகாத்திக்கு நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.